ஒரு மாகாணி நிலத்துக்கு வந்த சண்டை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், அவனுடைய வகுப்பில் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். ஊர் கும்பகோணம் பக்கம். "சார், ஒரு பத்திரம் அனுப்புறேன், படிச்சுச் சொல்ல முடியுமா?" என்றான். அவன் தாத்தாவின் அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். நூறு வருஷத்துக்கு மேலே பழசு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டி வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலம் ஒன்று அவன் தாத்தாவுக்கு விழுந்தது. பட்டாவில் அது 0.16.50 ஹெக்டேர் என்று இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 41 செண்ட். ஆனால் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவர், "நிலம் ஒரு மா, ஒரு காணி" என்று அடித்து, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு "165 செண்ட்" என்று கணக்கும் எழுதிவிட்டார். 165-இல் 41 போனால் 124. ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் காணோம்! பக்கத்து நிலம் சின்னத் தாத்தாவின் பிள்ளைகளிடம் இருக்கிறது. அப்புறம் என்ன? "சித்தப்பா வீட்டார் வரப்பைத் தள்ளிவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பி, ஒரு கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிடாமல் விட்டு, வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் வந்திருக்கிறது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் கணக்கு வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரியின் கடைசியில் "நிலம் மா" என்று இருந்தது. அடுத்த வரியின் முதலில் "காணி" என்று இருந்தது. "ஒரு" என்ற சொல் எங்கேயுமே இல்லை. அது மா, காணி என்று இரண்டு அல்ல. மாகாணி என்ற ஒரே சொல். காகிதத்தில் இடம் போதாமல் வரி உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. வீசம் என்றும் சொல்வோம். என்னிடம் படித்தவர்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததால் சொல்லாமலேயே விட்டிருப்பேன். அந்தக் கடனை இப்போது அடைத்துவிடுகிறேன்.

இன்றைக்கும் நம் வாயில் உயிரோடு இருக்கும் பின்னச் சொற்கள் கால், அரை, முக்கால். ஒன்றரை, இரண்டேகால், மூன்றேமுக்கால் என்று யோசிக்காமல் சொல்கிறோம். கால் என்பது நாலில் ஒன்று. அதில் மூன்று சேர்ந்தால் முக்கால். அதில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. பாதி, பாதியில் பாதி என்று இறங்கும் வரிசை இது. தானியத்தையோ எண்ணெயையோ பங்கு போட இதுவே வசதி. படியில் பாதி உரி, கால் படி உழக்கு, அரைக்கால் படி ஆழாக்கு என்று பாத்திரங்களும் அப்படியே பாதி பாதியாக இறங்கும்.

"முக்காலே மூணு வீசம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பார்கள். முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. ஒரே ஒரு வீசம்தான் பாக்கி. சும்மா வாய்க்கு வந்த பேச்சு இல்லை, கணக்கு உள்ளே இருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை உண்டு. அது இருபதில் தொடங்கும். இருபதில் ஒன்று மா. மாவில் கால் பங்கு காணி, அதாவது எண்பதில் ஒன்று. காணியில் கால் பங்கு முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று. (தின்னும் முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் பேரன் கேட்டுவிட்டான், அதனால் சொல்கிறேன்.)

பாதி பாதியாக இறங்கும் வரிசையில் இருபதே வராது. இருபதில் தொடங்கும் வரிசையில் பதினாறு வராது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்தார்கள்? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாவையும் காணியையும் கூட்டுங்கள். மா என்பது எண்பதில் நாலு, காணி எண்பதில் ஒன்று. கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்ததால்தான் அது மாகாணி. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது.

எல்லாவற்றையும் முந்திரியில் சொன்னால் பின்னமே இல்லாமல் போய்விடும். முழுசு ஒன்றுக்கு 320 முந்திரி. கால் என்றால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்சுவடியில் இதைக் கீழ்வாய் இலக்கம் என்று தலைகீழாக மனப்பாடம் செய்தார்கள். ஒன்றுக்குக் கீழே உள்ளது கீழ்வாய், மேலே உள்ளது மேல்வாய். நாம் ஐந்தாம் வகுப்பில் பகுதியைச் சமமாக்கப் படும் பாட்டை அவர்கள் படவில்லை. மனசுக்குள் முந்திரியாக மாற்றிக் கூட்டிவிட்டு, திரும்பப் பெயர் சொல்லிவிடலாம்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் "கீழ்" என்று ஒரு சொல் முன்னால் வரும். கீழ் என்றால் மறுபடி 320-ஆல் வகுத்துக்கொள் என்று பொருள். கீழ் முந்திரி என்பது முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 1,02,400-இல் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜ சோழன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக் கணக்கு, வேலிக்குக் கீழே இப்படிக் கீழ், அதற்கும் கீழ் என்று இறங்கிக்கொண்டே போகும். அவ்வளவு நுணுக்கமாகக் கோல் வைத்து அளந்தார்கள் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீள அகலத்தைப் பெருக்கி, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று கழித்தால் மிச்சம் வருகிற விடையைத் தூக்கி எறியாமல் அப்படியே எழுதினார்கள். பெருமை அளவுகோலைவிடக் கணக்குப்பிள்ளையைத்தான் சேரும்.

சரி, நம் பத்திரத்துக்கு வருவோம். மாகாணி என்றால் எதில் மாகாணி? காவிரிப் பாசனப் பக்கம் நிலத்துக்கு முழுசு என்பது வேலி. வேலியில் இருபதில் ஒன்றுதான் மா. இன்றைக்கும் அந்தப் பக்கத்து விவசாயிகள் "ரெண்டு மா நடவு", "அஞ்சு மா அறுப்பு" என்று சொல்லும் மா, வேறொன்றும் இல்லை, வேலியின் இந்தப் பின்னமே அளவுப் பெயராக நின்றுவிட்டது. ஒரு மாவுக்கு நூறு குழி. ஒரு குழி என்பது பன்னிரண்டடிக் கோலால் நாலு பக்கமும் ஒரு கோல், அதாவது 144 சதுர அடி. ஆக மா 14,400 சதுர அடி. செண்டுக்கு 435.6 சதுர அடி என்று வகுத்தால் 33 செண்ட் வரும். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று ஊரில் சொல்வது இதனால்தான். வேலி 2,88,000 சதுர அடி, அதாவது 6 ஏக்கர் 61 செண்ட்.

இப்போது வேலியில் மாகாணி எவ்வளவு? 2,88,000-ஐப் பதினாறால் வகுத்தால் 18,000 சதுர அடி. செண்டில் சொன்னால் 41.3. பட்டாவில் உள்ள 16.50 ஏர் செண்டில் 40.8. அரைச் செண்ட் வித்தியாசம். நூறு வருஷத்தில் வாய்க்கால் கரை, வரப்பு, சர்வே என்று எத்தனையோ வந்து போயிருக்கும். அந்த அரைச் செண்டுக்கு நான் பொறுப்பில்லை!

அப்படியானால் தட்டச்சு செய்தவருக்கு 165 எங்கிருந்து வந்தது? அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணினியில் தேடினால் "1 காணி = 132 செண்ட்" என்று எல்லாப் பட்டியலிலும் வரும். 33-ஐயும் 132-ஐயும் கூட்டினால் 165. பட்டியலும் பொய்யில்லை. ஆனால் அது வேறு காணி.

சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் காணி என்பது பின்னம் அல்ல, நிலத்தின் முழு அளவு. அங்கேயும் நூறு குழிதான், ஆனால் அந்தக் குழிக்கு இருபத்துநாலு அடிக் கோல். குழி 576 சதுர அடி, காணி 57,600 சதுர அடி, அதாவது 1 ஏக்கர் 32 செண்ட். அதை இருபத்துநாலாகப் பிரித்தால் 2,400 சதுர அடி. சென்னையில் வீட்டுமனைக்குக் கிரவுண்டு என்கிறோமே, அதுதான். வேலியின் பின்னமாக வரும் காணியோ எண்பதில் ஒன்று, 3,600 சதுர அடி, எட்டே கால் செண்ட். ஒரே சொல், ஆனால் ஒன்று மற்றொன்றைப் போலப் பதினாறு மடங்கு. போதாக்குறைக்குக் காணி என்றால் பொதுவாக நிலம் என்றும், பரம்பரை உரிமை என்றும் பொருள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் பேச்சில் இன்றைக்கும் காணி என்றால் நிலம்தான்.

வேடிக்கை பாருங்கள். "மா, காணி என்று இரண்டையும் கூட்ட வேண்டும்" என்று அவர் நினைத்தது சரிதான். வேலியின் மாவையும் வேலியின் காணியையும் கூட்டியிருந்தால் 14,400-உம் 3,600-உம் சேர்ந்து 18,000 என்று சரியான விடை வந்திருக்கும். கும்பகோணத்து மாவோடு செங்கல்பட்டுக் காணியைக் கூட்டியதில்தான் ஒரு குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது.

ஆனாலும் ஒரு சொல்லை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது அல்லவா? "தம்பி, ரெண்டாம் பக்கம் எங்கே?" என்று கேட்டேன். அது மங்கலாக இருந்ததால் தட்டச்சே செய்யவில்லையாம். வெயிலில் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் அவன் தங்கை எடுத்து அனுப்பினாள். நாலு பக்க எல்லை சொல்லிவிட்டு, "நீளம் கோல் 25, அகலம் கோல் 5" என்று இருந்தது. பெருக்கினால் 125 குழி. நூறு குழி மா போக மிச்சம் 25 குழி. மாவில் கால் பங்கு 25 குழி என்றால் அதுதான் காணி. மா, காணி, மாகாணி! அடியில் சொன்னால் 300 அடி நீளம், 60 அடி அகலம். அந்தப் பெண்ணே டேப் பிடித்து அளந்து பார்த்தாள். நீளம் 298 அடி. அகலம் ஒரு தலைப்பில் 60, இன்னொரு தலைப்பில் 59. யாரும் வரப்பைத் தள்ளவில்லை.

கணக்கு வாத்தியார் புத்தி, இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன். பத்திரத்தின் கடைசியில், பெரியவர் இருக்கிறவரை இந்தத் துண்டுக்கு வருஷம் எட்டுக் கலம் நெல் அவருக்கு அளக்க வேண்டும் என்று இருந்தது. கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். அந்தப் பக்கத்தில் இரண்டு கலம் ஒரு மூட்டை என்பார்கள். கலத்துக்கு நெல் ஏறக்குறைய 29 கிலோ என்று வைத்துக்கொண்டால் எட்டுக் கலம் நாலு மூட்டை, சுமார் 230 கிலோ. ஒன்றேகால் மாவுக்கு எட்டுக் கலம் என்றால் மாவுக்கு ஆறரைக் கலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய விளைச்சலில் இது ஒப்புக்கொள்ளக்கூடிய குத்தகை. அதுவே 165 செண்ட், அதாவது ஐந்து மாவாக இருந்திருந்தால் மாவுக்கு ஒன்றரைக் கலம்தான் வரும். பெற்ற தகப்பனுக்கு எந்தப் பிள்ளையும் அவ்வளவு கொஞ்சமாக அளக்க மாட்டான், அவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

நான் இங்கே "ஏறக்குறைய" என்று சொன்னதைக் கவனித்தீர்களா? செண்டுக்கு அப்படிச் சொல்லத் தேவையில்லை. கலத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். மரக்கால் எடையை அளப்பதில்லை, இடத்தைத்தான் அளக்கும். ஈர நெல்லும் காய்ந்த நெல்லும், சன்ன நெல்லும் மோட்டா நெல்லும் ஒரே மரக்காலில் வேறு வேறு எடை. அதோடு தலை தட்டி அளந்தார்களா, கோபுரமாகக் குவித்து அளந்தார்களா என்பது வேறு. என் சிறு வயதில் களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவார். நான் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணுவேன். குவித்து அளந்தால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம், கொடுக்கிறவருக்கு வயிற்றெரிச்சல். படியும் ஊருக்கு ஊர் வேறு. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று இருந்தன. எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் லிட்டரில் விடை சொல்லவே முடியாது. அதனால்தான் 1956-இல் அளவுகளுக்கு மத்திய அரசு சட்டம் போட்டது. எங்கள் தலைமுறை கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறியது அதற்குப் பிறகு படிப்படியாகத்தான்.

அந்த மாற்றத்தில் மாகாணி பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியென்றால் அணா என்பதே ரூபாயில் மாகாணி. நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால். பணமும் படியும் நிலமும் ஒரே வாய்ப்பாட்டில் ஓடின. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. நூறில் பதினாறில் ஒன்று 6.25. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். நாலணாவாகக் கொடுத்தால் 25, ஓரணாவாக நாலு தடவை கொடுத்தால் 24. எங்கள் தெருக் கடையில் பெரியவர்கள் இதற்காக மணிக்கணக்கில் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். கால், அரை, முக்கால் மூன்றும் நூறில் 25, 50, 75 என்று முழுசாக உட்கார்ந்துகொண்டதால் பிழைத்தன. அரைக்காலுக்கு 12.5, மாகாணிக்கு 6.25. அவை உட்கார இடமில்லை, போய்விட்டன. மா மட்டும் நூறில் ஐந்து என்று சுத்தமாகப் பொருந்தும். ஆனாலும் அது நிலத்தோடு மட்டும் நின்றுவிட்டது. ஐந்து சதவீத வட்டியை "மா வட்டி" என்று யாரும் சொல்வதில்லை.

பத்திர விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். நோட்டீஸ் போகவில்லை. அவன் அப்பாவுக்கு மட்டும் இரண்டு நாள் மனசு ஒப்பவில்லை. "அப்ப ஒன்றேகால் ஏக்கர் இல்லவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். மூன்றாம் நாள் அவரே சின்னத் தாத்தா வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே அதே கையெழுத்தில் இவர்கள் பங்குக்கு ஜோடியான பத்திரம் இருந்தது. அதில் "மாகாணி" என்று ஒரே வரியில், உடையாமல், தெளிவாக எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பத்திரம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாப் பக்கத்தையும் எடுங்கள், முக்கியமாகக் கோல் கணக்கு இருக்கும் பக்கத்தை. எந்த ஊர் என்று எழுத மறக்க வேண்டாம். அப்புறம், நம் உறவினர்களுக்கு ஒரு கேள்வி: பெரியம்மா வீட்டில் பூண் போட்ட பழைய மரக்கால் ஒன்று இருந்ததே, அது இப்போது யாரிடம் இருக்கிறது? தண்ணீரை ஊற்றி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.